வலி ஏறின பிறகு போடும் மாத்திரை ஏன் கேட்பதில்லை

கொழிஞ்சாம்பாறை பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு அம்மா தன் பதினாறு வயது மகளைக் கூட்டி வந்தார். "மெடிக்கல்ல வாங்கிக் குடுத்த மாத்திரையும் வாந்தியில வந்துருதுங்க டாக்டரம்மா" என்றார். தீட்டு தொடங்கிய சில மணி நேரத்தில் அடிவயிற்றைப் பிடித்து முறுக்கும், வாந்தி, பேதி, மறுநாள் சாயங்காலம் எல்லாம் அடங்கிவிடும். வயசுக்கு வந்த முதல் வருஷம் வலியே இல்லை, அப்புறம்தான் ஆரம்பித்தது என்று அந்தப் பெண் சொன்னது எனக்கு முக்கியமாகப் பட்டது.

முதல் வருஷம் பெரும்பாலும் கருமுட்டை வெளியாவதில்லை. அது வெளியாகத் தொடங்கினால் புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோன் சுரக்கும், அடுத்த தீட்டுக்கு முன் அது சட்டென்று குறையும்போது கருப்பையின் உள்சவ்வில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் நிறைய உருவாகும். அது கருப்பைத் தசையை இறுக்கி, ரத்தக்குழாய்களையும் சுருக்கி, தசைக்குப் போகிற ரத்தத்தைக் குறைக்கிறது. வலி அதனால்தான். அதுவே ரத்தத்தில் கலந்து குடலையும் கிளறுவதால்தான் வாந்தியும் பேதியும்.

மெஃபனமிக் ஆசிட், ஐபுபுரூஃபன் போன்ற மாத்திரைகள் புரோஸ்டாகிளாண்டின் உருவாவதைத்தான் தடுக்கும், ஏற்கெனவே உருவானதை அழிக்காது. இந்தப் பெண்ணோ தாங்க முடியாமல் போன பிறகு ஒன்று போட்டு, அதையும் வாந்தி எடுத்திருக்கிறாள். அல்சர், சிறுநீரகக் கோளாறு, வலி மாத்திரை போட்டால் வீசிங் வருவது எதுவும் இல்லை என்று கேட்டுக்கொண்டு, ஐபுபுரூஃபன் 400 மில்லிகிராம் எழுதினேன். தீட்டு லேசாகப் பட்டதுமே, வலிக்காகக் காத்திராமல், சாப்பிட்டுவிட்டு ஒன்று, பிறகு எட்டு மணி நேரத்துக்கு ஒன்றாக இரண்டு நாள்.

மூன்று மாதத்தில் வாந்தி நின்றது, வலி பாதியானது, ஆனாலும் முதல் நாள் பள்ளிக்கூடம் போக முடியவில்லை. அடுத்த படி ஹார்மோன் மாத்திரை என்றதும் அம்மாவின் முகம் மாறிவிட்டது, "கல்யாணம் ஆகாத புள்ளைக்குக் கருத்தடை மாத்திரைங்களா?" அவர் பயம் எனக்குப் புரிகிறது. அது கருமுட்டை வெளியாவதை நிறுத்தி உள்சவ்வையும் மெல்லியதாக வைக்கும், சவ்வு மெலிந்தால் புரோஸ்டாகிளாண்டினும் குறையும், வலியில்லாத அந்த முதல் வருஷம் மாதிரிதான், நிறுத்தினால் முட்டை பழையபடி வெளியாகும், பின்னால் குழந்தை பிறப்பதைக் கெடுக்காது என்று விளக்கினேன். கண்ணில் ஒளி மின்னி வரும் ஒற்றைத்தலைவலி, ரத்த அழுத்தம், குடும்பத்தில் யாருக்காவது ரத்தம் உறைந்த கதை, மூன்றையும் விசாரித்த பிறகே கொடுத்தேன். இதற்கும் மூன்று மாதமாவது பார்க்க வேண்டும்.

அதற்குப் பிறகும் கேட்காவிட்டாலோ, தீட்டு இல்லாத நாளிலும் வலித்தாலோ, மாதாமாதம் வலி கூடிக்கொண்டே போனாலோ, கருப்பையின் உள்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் இருக்கிறதா என்று தேட வேண்டும். ஸ்கேன் சரியாக இருப்பதை மட்டும் வைத்து அது இல்லை என்று சொல்ல முடியாது. இவளுக்கு அந்த நிலை வரவில்லை, மூன்றாவது அட்டை முடிந்தபோது தீட்டின் முதல் நாளே பள்ளிக்கூடம் போய்வந்திருந்தாள்.