மாஸ்க் போட்டுப் பூட்டியும் ஜரிகை ஏன் மாறியது?

மயிலாப்பூரில் வீட்டிலிருந்தே பட்டுப்புடவை விற்கும் வாசகி ஒருவர் எழுதியிருந்தார். மொட்டை மாடியில் தங்கைக்குப் புடவை கட்டிவிட்டுப் படம் எடுத்திருக்கிறார். ஆள்மேல் மாஸ்க் போட்டுப் பூட்டி, பின்னணியை மட்டும் கல்தூண் மண்டபமாக மாற்றும்படி படம் உருவாக்கும் ஏஐ மென்பொருளிடம் சொல்லியிருக்கிறார். மண்டபம் நன்றாகவே வந்தது. ஆனால் பார்டரில் இருந்த அன்னப்பட்சியின் கழுத்து லேசாக நெளிந்துவிட்டது. பூட்டிய இடம் எப்படி மாறும் என்பது அவர் கேள்வி.

மாஸ்க் என்பது படத்தின் அதே அளவில் இருக்கும் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். பெரும்பாலும் வெள்ளை இருக்கும் இடம் மாறும், கறுப்பு இருக்கும் இடம் அப்படியே நிற்கும். இத்தகைய மென்பொருளின் உள்ளே இருக்கும் டிஃப்யூஷன் மாடல் இரைச்சல் புள்ளிகளில் தொடங்கி, படிப்படியாக இரைச்சலை நீக்கிப் படத்தை உருவாக்குகிறது என்பது பலருக்கும் தெரிந்ததே.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் பூட்டு வேலை செய்யும் விதம்தான். மாடல் பின்னணியை மட்டும் தனியாக வரைவதில்லை. ஒவ்வொரு படியிலும் ஆளையும் சேர்த்து முழுப்படத்தையும் வரைகிறது. பிறகு ஆள் இருக்கும் பகுதியில் வரைந்ததைத் தூக்கி எறிந்துவிட்டு, அசல் ஆளை அங்கே ஒட்டுகிறார்கள். அதையும் சுத்தமாக ஒட்டுவதில்லை. அந்தப் படியில் பின்னணியில் எவ்வளவு இரைச்சல் மிச்சம் இருக்கிறதோ அதே அளவு இரைச்சலை அசலிலும் கலந்து ஒட்டுகிறார்கள். படம் முழுக்க ஒரே அளவு இரைச்சல் இருந்தால்தான் மாடலுக்குப் பிடிபடும். அடுத்த படியில் அது தோளையும் கொசுவத்தையும் பார்த்தபடியே தூண்களை வரைகிறது. முப்பது படி என்றால் முப்பது தடவையும் இதே கதைதான். மண்டபத்தின் தரை அந்தப் பெண்ணின் கால் இருக்கும் மட்டத்துக்கே வந்து நிற்பது இதனால்தான்.

சரி, இவ்வளவு கவனமாக ஒட்டியும் அன்னம் ஏன் நெளிந்தது? இந்த ஒட்டு வேலை பிக்சல்களில் நடக்கவில்லை, சுருக்கிய வடிவத்தில் நடக்கிறது. எஸ்டிஎக்ஸ்எல் என்ற டிஃப்யூஷன் மாடலை எடுத்துக்கொள்வோம். 1024க்கு 1024 பிக்சல் படத்தில், பிக்சலுக்கு மூன்று நிற எண் வீதம், ஏறத்தாழ 31 லட்சம் எண்கள் உண்டு. மாடல் அதை 128க்கு 128 கட்டங்களாகச் சுருக்கி, கட்டத்துக்கு 4 எண் வீதம் சுமார் 65,000 எண்களில் வைத்துக்கொள்கிறது. அதாவது 48இல் ஒரு பங்கு. எட்டுக்கு எட்டு பிக்சல் கொண்ட ஒரு சதுரத்தில் இருந்த 192 எண்களுக்குப் பதில் நான்கே எண்கள். பெரிய வண்ணப் பரப்புகளும் முகத்தின் வடிவமும் அதில் தேறிவிடும். இரண்டு பிக்சல் அகல ஜரிகை இழை தேறாது. மறுபடி விரிக்கும்போது மாடல் ‘ஜரிகை மாதிரி’ ஒன்றை அங்கே போட்டுவிடுகிறது. கண் இமை, மூக்குத்தி, சின்ன எழுத்து எல்லாவற்றுக்கும் இதே கதிதான்.

அப்படியானால் உண்மையான பூட்டு கடைசியில் போடுவதுதான். விரித்து முடித்த படத்தின்மேல் அசல் ஆளை, பிக்சலுக்குப் பிக்சல், அதே மாஸ்க்கை வைத்து மறுபடி ஒட்டவேண்டும். சில மென்பொருட்கள் இதைத் தாமாகவே செய்கின்றன, சில செய்வதில்லை. அசல், மாடல் தந்த புதுப்படம், மாஸ்க் மூன்றும் ஒரே அளவில் இருந்தால், பில்லோ நூலகம் நிறுவிய பைத்தானில் இவ்வளவு போதும்:

```
from PIL import Image, ImageChops
a = Image.open("asal.png").convert("RGB")
b = Image.open("pudhu.png").convert("RGB")
m = Image.open("mask.png").convert("L")
c = Image.composite(b, a, m)
c.save("mudivu.png")
ImageChops.difference(a, c).save("vithyasam.png")
```

கடைசி வரி இரண்டு படங்களையும் கழித்துப் பார்க்கிறது. ஆள் இருக்கும் இடம் முழுக் கறுப்பாக இருந்தால் பூட்டு சரி. சாம்பல் கோடுகள் தெரிந்தால் அங்கே ஏதோ மாறியிருக்கிறது. ஜேபெக்கில் சேமித்தால் அதுவே பிக்சல்களை மாற்றிவிடும் என்பதால் பிஎன்ஜியில் வைத்துச் சோதியுங்கள். புடவை விற்பவர்கள் இந்தச் சோதனையைத் தவறாமல் செய்யவேண்டும் என்பது என் கருத்து. தறியில் நெய்யாத அன்னத்தைக் காட்டிக் காசு வாங்குவது தவறு. மாடலின் உள்ளே நடப்பது வெளிப்படையாக வெளியிடப்பட்டிருப்பதால்தான் காரணத்தை இப்படித் தேடிப் பிடிக்க முடிகிறது. பொதுப்பணம் அத்தகைய திறந்த ஆராய்ச்சிக்குத்தான் போகவேண்டும்.

இனி விளிம்பு. மாஸ்க்கின் கறுப்பை ஆளைவிடச் சற்றுப் பெரிதாக வெட்டினால் கூந்தலைச் சுற்றி மாடிச் சுவரின் வெள்ளை ஒட்டிக்கொண்டு வரும். இறுக்கி வெட்டினால் பறக்கும் முடி மாடலின் கைக்குப் போய்விடும். இரண்டு மூன்று பிக்சலுக்கு விளிம்பை மங்கலாக்குவது ஓரளவு உதவும்.

கழித்தல் சோதனையில் சிக்காத கோளாறும் ஒன்று உண்டு. முந்தி மாஸ்க்கின் ஓரத்தில் முடிவதைப் பார்க்கும் மாடல், அது இன்னும் நீள்கிறது என்று எண்ணி, பின்னணியில் ஒரு முழம் கூடுதலாக வரைந்துவிடும். பூட்டிய பகுதி கறுப்பாகவே இருப்பதால் சோதனை எல்லாம் சரி என்றே காட்டும். முடிந்த படத்தில் ஆளை மறுபடி வெட்டி மாஸ்க் எடுத்து, பழைய மாஸ்க்கோடு ஒப்பிட்டால் கூடுதல் துணி எங்கே முளைத்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.