வகுத்தல் விதியைப் போடும் முன் பகுதியைப் பாருங்கள்

மேல்நிலை வகுப்பு விடைத்தாள்களைத் திருத்தும்போது ஒன்றைத் தொடர்ந்து கவனித்து வருகிறேன். வகுத்தல் விதியைத் தவறாக எழுதி மதிப்பெண் இழப்பவர்கள் குறைவு. விதியைச் சரியாகப் போட்டுவிட்டு, அதற்கு அடுத்த இரண்டு வரிகளில், அதாவது சுருக்கும் இடத்தில், வழி தவறுபவர்களே அதிகம். வேறு சிலர் வகுத்தல் விதியே தேவைப்படாத கணக்கிலும் அதைப் போட்டு, மூன்று வரியில் முடிய வேண்டியதைப் பக்கம் முழுவதும் இழுத்துச் செல்கிறார்கள். இந்த இரண்டு சிக்கல்களையும் ஒரே சார்பை வைத்து விளக்குகிறேன்.

y = x/(x² + 1) என்ற சார்பின் முதல் வகைக்கெழுவைப் பெரும்பாலோர் பிழையின்றிக் கண்டுவிடுவார்கள்.

y′ = (1 − x²)/(x² + 1)²

வளைவு எங்கே குழிவு மாறுகிறது என்று கேட்கும்போது இரண்டாம் வகைக்கெழு தேவைப்படுகிறது. மீண்டும் வகுத்தல் விதியைப் போட்டால் கிடைப்பது இது:

y″ = [(−2x)(x² + 1)² − (1 − x²)·2(x² + 1)·2x]/(x² + 1)⁴

இந்த வரியில்தான் பாதை இரண்டாகப் பிரிகிறது. அடைப்புக்குறிகளைக் கண்டவுடன் விரித்துவிட வேண்டும் என்ற பழக்கம் கீழ் வகுப்புகளிலிருந்தே நம் மாணவர்களிடம் ஊறியிருக்கிறது. அப்படி விரித்தால் தொகுதி 2x⁵ − 4x³ − 6x என்று ஐந்தாம் படிப் பல்லுறுப்புக் கோவையாக நிற்கும். அது தவறில்லை. ஆனால் அதைப் பூச்சியத்துக்குச் சமப்படுத்தித் தீர்க்க வேண்டுமானால், 2x(x² − 3)(x² + 1) என்று மறுபடியும் காரணிப்படுத்தியாக வேண்டும். அதாவது, விரிக்கும் முன் கண்ணுக்கு எதிரே நின்ற x² + 1 என்ற காரணியை நாமே கலைத்துவிட்டு, பிறகு அதைத் தேடி எடுக்கிறோம். தேர்வு நேரத்தில் பலருக்கு அது கிடைப்பதே இல்லை.

விரிப்பதற்கு முன் பொதுக் காரணியை வெளியே எடுப்பதே சரியான முறை. தொகுதியின் முதல் உறுப்பில் (x² + 1) இரண்டு முறையும், இரண்டாவது உறுப்பில் ஒரு முறையும் இருக்கிறது. ஆகவே இரண்டுக்கும் பொதுவாக ஒன்று உண்டு. −2x என்பதும் இரண்டுக்கும் பொது. இவற்றை வெளியே எடுத்தால்,

தொகுதி = −2x(x² + 1)[(x² + 1) + 2(1 − x²)] = −2x(x² + 1)(3 − x²)

இப்போது பகுதியிலுள்ள நான்கு காரணிகளில் ஒன்று நீங்கிவிடும்.

y″ = 2x(x² − 3)/(x² + 1)³

பகுதி எப்போதும் நேர் எண்ணாக இருப்பதால் குறியைத் தொகுதி மட்டுமே தீர்மானிக்கிறது. x = 0, x = √3, x = −√3 ஆகிய மூன்று இடங்களிலும் குறி மாறுகிறது; அவையே வளைவு மாற்றப் புள்ளிகள். வகைக்கெழுவைச் சுருக்குவது அழகுக்காக அல்ல, இந்த மூன்று எண்களை எளிதாக வாசிப்பதற்காகத்தான்.

விடைத்தாள்களில் நான் மிகுதியாகக் காணும் பிழையும் இதே இடத்தில்தான் நேர்கிறது. பகுதியிலிருந்து ஒரு (x² + 1)-ஐ நீக்குபவர், தொகுதியின் முதல் உறுப்பிலிருந்து மட்டும் அதை அடித்துவிட்டு, கழித்தல் குறிக்குப் பின்னுள்ள உறுப்பை அப்படியே விட்டுவிடுகிறார். தொகுதி முழுவதற்கும் பொதுவான காரணியை மட்டுமே அடிக்கலாம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் காரணியை வெளியே எடுத்து எழுதும் வரியைத் தவிர்த்துவிட்டு, மனத்துக்குள்ளேயே அடிக்க முயலும்போது இந்தப் பிழை நுழைந்துவிடுகிறது. அந்த ஒரு வரியை எழுதியே தீர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சந்தேகம் வந்தால் ஓர் எண்ணைப் பிரதியிட்டுச் சரிபார்க்கலாம். எந்த எண்ணைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். x = 1 என்று வைத்தால் 1 − x² பூச்சியமாகி, தொகுதியின் இரண்டாவது உறுப்பே மறைந்துவிடும்; அந்த உறுப்பிலுள்ள பிழையை அது காட்டாது. x = 2 என்று வைத்தால், சுருக்காத வடிவம் (−100 + 120)/625, அதாவது 4/125 தருகிறது; சுருக்கிய வடிவமும் 4/125 தருகிறது. முதல் உறுப்பில் மட்டும் அடித்தவருடைய வடிவமோ 100/125, அதாவது 4/5 என்று காட்டிக்கொடுத்துவிடும்.

இனி, வகைப்படுத்தும் முன்பே கோவையை மாற்றி எழுதுவது எப்போது உதவும் என்று பார்ப்போம். இதற்கு முதலில் பார்க்க வேண்டியது பகுதியைத்தான். பகுதியில் ஒரே ஓர் உறுப்பு இருந்தால், ஏறக்குறைய எப்போதும் வகுத்து எழுதிவிடுவதே நல்லது. (x² − 3x + 4)/√x என்பதை x^(3/2) − 3x^(1/2) + 4x^(−1/2) என்று எழுதிவிட்டால் அடுக்கு விதி ஒன்றே போதும். தொகுதி வெறும் மாறிலியாக இருந்தாலும் அப்படியே: 5/(x² + 1)³ என்பதை 5(x² + 1)^(−3) என்று எழுதிச் சங்கிலி விதியைப் போட்டால் −30x/(x² + 1)⁴ ஒரே வரியில் கிடைக்கும்.

ஆனால் பகுதியில் இரண்டு உறுப்புகள் இருக்கும்போது, x/(x² + 1) என்பதை x/x² + x/1 என்று பிரிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தொகுதியை உறுப்பு உறுப்பாகப் பிரிக்கலாம். பகுதியை அப்படிப் பிரிக்க முடியாது. அதேபோல் (x² − 9)/(x − 3) என்பதை x + 3 என்று சுருக்கி வகைப்படுத்துபவர், விடை 1 என்பதுடன் x ≠ 3 என்ற நிபந்தனையையும் எழுத வேண்டும். மூலச் சார்பு அந்தப் புள்ளியில் வரையறுக்கப்படவில்லை.

தொகுதியின் படி பகுதியின் படிக்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருந்தால், முதலில் வகுத்துப் பார்க்கலாம். (x² + 1)/(x² − 1) என்பது 1 + 2/(x² − 1) ஆகிவிடும். மாறிலி மறைந்து, −4x/(x² − 1)² உடனே வந்துவிடுகிறது. இங்கே மீதி ஒரு மாறிலியாக வந்ததால்தான் இவ்வளவு எளிதாயிற்று. மீதியில் x இருந்தால், எதற்காக வகைப்படுத்துகிறோம் என்பதைப் பொறுத்தே முடிவெடுக்க வேண்டும்.

x³/(x² + 1) என்ற சார்பை எடுத்துக்கொள்ளுங்கள். வகுத்தால் இது x − x/(x² + 1) ஆகிறது. சார்பு எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்பதுதான் கேள்வி என்றால், வகுத்து எழுதியதால் பயனில்லை. வகைக்கெழு 1 − (1 − x²)/(x² + 1)² என்று இரண்டு துண்டுகளாக வரும்; குறியைப் பார்க்க அவற்றை மீண்டும் ஒரே பின்னமாகச் சேர்க்க வேண்டும். வகுத்தல் விதியை நேராகப் போட்டால் x²(x² + 3)/(x² + 1)² என்று காரணிகளாகவே கிடைக்கிறது. அது எங்குமே எதிர் எண்ணாகாது என்பதும், ஆகவே சார்பு எங்கும் ஏறுமுகமாகவே செல்கிறது என்பதும் பார்த்தவுடன் தெரிகிறது. ஆனால் அதே சார்பின் இரண்டாம் வகைக்கெழுவைக் கேட்டிருந்தால், வகுத்து எழுதிய வடிவமே மேல். x என்ற உறுப்பு இரண்டு முறை வகைப்படுத்தியதும் மறைந்துவிடும். எஞ்சிய x/(x² + 1)-இன் இரண்டாம் வகைக்கெழுவை நாம் முன்பே கண்டுவிட்டோம். அதன் குறியை மட்டும் மாற்றி, 2x(3 − x²)/(x² + 1)³ என்று எழுதினால் போதும்.