லேப்டாப்பில் தட்டிய எஸ்எம்எஸ்ஸை அனுப்புவது யார்?

போன மாதம் ஒருநாள் போனை தாம்பரத்தில் வீட்டு மேசை மேலேயே வைத்துவிட்டு கிண்டி ஆபீசுக்குப் போய்விட்டேன். பையில் லேப்டாப் மட்டும்தான். ஆனாலும் காலை பதினோரு மணிக்கு வங்கி அனுப்பிய ஓடிபி லேப்டாப் திரையின் மூலையில் வந்து நின்றது, அக்காவுக்கு ஒரு எஸ்எம்எஸ் அனுப்பினேன், அவளுடைய பதிலும் வந்தது. அட, போனே வேண்டாம் போலிருக்கிறதே என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்று மணிக்குமேல் எதுவும் போகவில்லை, வரவும் இல்லை, அனுப்பிய மெசேஜ் பாதியில் தொங்கியது. சாயங்காலம் வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் போன் சார்ஜ் இறங்கி அணைந்து கிடக்கிறது.

இதிலேயே பாதி விஷயம் புரிந்துவிடும். காலையிலிருந்து ஒவ்வொரு எஸ்எம்எஸ்ஸையும் வாங்கியதும் அனுப்பியதும் தாம்பரத்தில் கிடந்த அந்தப் போன்தான். நான் கிண்டியில் தட்டினாலும் மெசேஜ் கிளம்பியது தாம்பரத்து டவர் வழியாக.

நம் நம்பரிலிருந்து போகிற எஸ்எம்எஸ் சிம் இருக்கிற இடத்திலிருந்து மட்டுமே போகும். சாதாரண லேப்டாப்பில் சிம் கிடையாது. வேடிக்கை என்னவென்றால், உலகின் முதல் எஸ்எம்எஸ்ஸே கம்ப்யூட்டரிலிருந்துதான் போனது: 1992 டிசம்பர் 3 அன்று இங்கிலாந்தில் நீல் பாப்வொர்த் என்ற பொறியாளர் கம்ப்யூட்டரில் கிறிஸ்துமஸ் வாழ்த்து தட்டி வோடஃபோன் நெட்வொர்க் வழியாக ஒரு போனுக்கு அனுப்பினார். ஆனால் அந்தக் கம்ப்யூட்டர் நெட்வொர்க்கின் உள்ளேயே இருந்தது. நம்முடையது வெளியே நிற்கிறது, அதனால் போனைக் கெஞ்ச வேண்டியிருக்கிறது.

நடப்பது இதுதான். லேப்டாப்பில் அனுப்பு பொத்தானை அழுத்தியதும் மெசேஜும் யாருக்கு என்ற எண்ணும் ஒரு சின்னக் கட்டளையாக இன்டர்நெட்டில் ஏறி, இடையில் ஒரு சர்வர் வழியாகப் போனுக்குப் போகிறது. இரண்டும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும் என்றில்லை, அதனால்தான் கிண்டியும் தாம்பரமும் பேசிக்கொண்டன. போனில் அதற்கென்று ஓர் ஆப் காத்திருக்கும். லேப்டாப்பில் இருப்பது விண்டோஸின் போன் லிங்க் ஆப் என்றால் போனில் லிங்க் டு விண்டோஸ், பிரவுசரில் திறக்கும் கூகுள் மெசேஜஸ் என்றால் போனில் இருக்கிற அதே மெசேஜஸ் ஆப். அது கட்டளையை வாங்கி ஆண்ட்ராய்டிடம் கொடுக்கிறது, ஆண்ட்ராய்டு மோடத்திடம் கொடுக்கிறது, மோடம் டவருக்குத் தள்ளுகிறது. அங்கிருந்து கம்பெனியின் மெசேஜ் சென்டர், அப்புறம் அக்காவின் போன். அவளைப் பொறுத்தவரை அது என் நம்பரிலிருந்து வந்த சாதாரண எஸ்எம்எஸ். லேப்டாப் என்ற ஒன்று நடுவில் இருந்ததற்கு அவள் பக்கம் எந்த அடையாளமும் இல்லை.

காசும் அப்படித்தான். இன்டர்நெட்டில் அனுப்பினால் இலவசம் என்று சிலர் நினைக்கிறார்கள். இல்லை, உங்கள் பேக்கிலிருந்துதான் கழியும், பெரிய கீபோர்டு கிடைத்த சந்தோஷத்தில் நீளமாக எழுதினால் வேகமாகவே கழியும். ஒரு எஸ்எம்எஸ்ஸில் 140 பைட்தான் இடம். ஆங்கிலம் என்றால் 160 எழுத்து கொள்ளும், தமிழ் என்றால் 70தான். அதுவும் நாம் எண்ணுகிற எழுத்து இல்லை, கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனிக் கணக்கு. ‘புத்தாண்டு வாழ்த்துகள்’ என்பது நம் கணக்கில் 11 எழுத்து, எஸ்எம்எஸ் கணக்கில் இடைவெளியையும் சேர்த்து 22. எழுபதைத் தாண்டினால் மெசேஜ் துண்டாகும், ஒவ்வொரு துண்டிலும் ஒட்டுவதற்கான குறிப்புக்குக் கொஞ்சம் இடம் போய் மிச்சம் 67. ஆகவே 200 வருகிற தமிழ் மெசேஜ் திரையில் ஒன்றாகத் தெரிந்தாலும் பேக்கில் மூன்று.

சரி, அனுப்பியாயிற்று. இப்போது அந்த மெசேஜ் எங்கே இருக்கிறது?

ஆண்ட்ராய்டு போனுக்குள் `mmssms.db` என்று ஒரு கோப்பு உண்டு. அது ஒரு எஸ்க்யூலைட் தரவுத்தளம், கடைக்காரரின் பேரேடு மாதிரி. வருவதும் போவதும் ஒவ்வொன்றும் ஒரு வரி. போனில் டெவலப்பர் வசதியைத் திறந்து யூஎஸ்பி கேபிளில் கம்ப்யூட்டரோடு இணைத்து, போனுக்குக் கட்டளை அனுப்பும் ஏடிபி என்ற கருவி கம்ப்யூட்டரில் இருந்தால் நீங்களே எட்டிப் பார்க்கலாம்:

```
adb shell "content query --uri content://sms --projection _id:type:date:body | head -n 3"
```

பல போன்களில் இது வேலை செய்யும், கிடைப்பது இந்த வடிவில் இருக்கும்:

```
Row: 0 _id=1843, type=2, date=1735689600000, body=புத்தாண்டு வாழ்த்துகள்
```

`type` என்பதுதான் இங்கே முக்கியம். 1 என்றால் வந்தது, 2 என்றால் போனது, 5 என்றால் அனுப்ப முயன்று தோற்றது. `date` என்பது 1970 தொடக்கத்திலிருந்து எண்ணிய மில்லிசெகண்ட். மேலே இருக்கிற எண்ணை மாற்றிப் பார்த்தால் 2025 ஜனவரி 1, இந்திய நேரம் காலை 5:30. இந்த வாழ்த்து போனில் தட்டியதா லேப்டாப்பில் தட்டியதா என்று இந்த வரியைப் பார்த்துச் சொல்ல முடியாது. இரண்டும் ஒரே பேரேட்டில் ஒரே மாதிரிதான் விழுகின்றன.

அடுத்த கேள்வி, இந்தப் பேரேட்டில் எழுத யாருக்கு உரிமை? நிறையப் பேருக்கு வருகிற குழப்பம் இங்கேதான் பிறக்கிறது. 2013இல் வந்த ஆண்ட்ராய்டு 4.4 முதல் ஒரு விதி: நீங்கள் இயல்பு எஸ்எம்எஸ் ஆப் என்று தேர்ந்தெடுத்த ஒரே ஓர் ஆப்தான் பேரேட்டில் எழுதலாம், திருத்தலாம், அழிக்கலாம். மற்றவை நீங்கள் அனுமதி கொடுத்தால் படிக்கலாம், அனுப்பச் சொல்லலாம், அவ்வளவுதான். அப்படி வேறோர் ஆப் அனுப்பும்போது, மோடம் வேலையை முடித்த பிறகு ஆண்ட்ராய்டே அதன் சார்பில் 2 அல்லது 5 என்று வரியை எழுதிவிடும்.

கூகுள் மெசேஜஸை இயல்பு ஆப்பாக வைத்திருப்பவர் அதன் பிரவுசர் பக்கத்தில் ஓர் உரையாடலை அழித்தால் போனிலும் போய்விடும், ஏனென்றால் கட்டளையை நிறைவேற்றுவது எழுதும் உரிமை உள்ள இயல்பு ஆப், அதாவது வீட்டுக்காரரே. லேப்டாப்பில் மட்டும் சுத்தம் செய்கிறேன் என்று இறங்கி, போனில் இருந்த பழைய மெசேஜ்களைத் தொலைத்தவர்களை எனக்குத் தெரியும். லிங்க் டு விண்டோஸோ வழக்கமாக வாடகைக்காரர். பார்க்கும், அனுப்பச் சொல்லும், பேரேட்டைத் தொடாது. போன் லிங்கில் படித்து முடித்த மெசேஜ் போனில் இன்னும் படிக்காததாகத் தடித்த எழுத்தில் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். படித்தாயிற்று என்று குறிப்பதும் பேரேட்டில் எழுதுவதுதான், அந்த உரிமை அதற்கு இல்லை. இதே காரணத்தால், போனில் ஆர்சிஎஸ்ஸில், அதாவது இன்டர்நெட் வழியாகப் போகும் புது மெசேஜ் முறையில், ஓடிக்கொண்டிருக்கும் உரையாடலுக்குப் போன் லிங்கிலிருந்து பதில் போட்டால் அது பெரும்பாலும் வெறும் எஸ்எம்எஸ்ஸாகப் போகும். ஆர்சிஎஸ்ஸை நடத்துவது மெசேஜஸ் ஆப், வாடகைக்காரர் அதற்குள் நுழைய முடியாது. சில சாம்சங் போன்கள் விதிவிலக்கு.

லேப்டாப்பில் எதுவுமே தங்காதா என்றால், தங்கும், ஆனால் அது நகல். போன் லிங்க் கடைசி 30 நாள் மெசேஜ்களைத்தான் காட்டும், பேரேட்டில் பத்து வருடக் கணக்கு இருந்தாலும். காட்டுவதற்காக எடுத்து வந்ததை விண்டோஸில் உங்கள் கணக்கின் கீழே `Microsoft.YourPhone_8wekyb3d8bbwe` என்ற ஃபோல்டருக்குள் `phone.db` என்ற கோப்பில் வைத்துக்கொள்கிறது. (2022இல் ஆப்பின் பெயரை மாற்றினார்கள், ஃபோல்டருக்குப் பழைய பெயர்தான்.) இந்த நகலிலிருந்து போனுக்குத் திரும்ப எதுவும் வராது. போனை ரீசெட் செய்துவிட்டு லேப்டாப்பிலிருந்து பழைய எஸ்எம்எஸ்ஸை மீட்கலாம் என்று எதிர்பார்க்காதீர்கள், அதற்குத் தனியாக பேக்கப் எடுத்திருக்க வேண்டும். மறுபக்கம், இதே நகல்தான் கவலைக்கும் காரணம். லேப்டாப்பைத் திறக்கத் தெரிந்தவர் உங்கள் ஒரு மாத ஓடிபி, வங்கிக் கணக்கு நிலவரம் எல்லாவற்றையும் போன் லாக்கைத் தொடாமலே படித்துவிடலாம். ஆபீஸ் லேப்டாப்பில் இணைக்குமுன் இதை யோசியுங்கள். இணைத்திருந்தால் போன் பக்கத்திலிருந்தே அறுத்துவிடலாம். கூகுள் மெசேஜஸில் அது Device pairing என்ற இடத்தில் இருக்கும்.

ஐபோன்காரர்களுக்குக் கதை வேறு. 2023 முதல் போன் லிங்க் ஐபோனோடும் பேசுகிறது, ஆனால் புளூடூத்தில் மட்டும், காரின் திரை மெசேஜைப் படித்துக் காட்டுமே அதே வழியில். ஆப்பிள் பேரேட்டைத் திறந்து காட்டுவதில்லை, வருகிற மெசேஜை வாசலில் வைத்துக் கொடுக்கிறது. எனவே இணைத்த பிறகு வந்தவை மட்டும்தான் லேப்டாப்பில் தெரியும், பழையது கிடையாது, குரூப் மெசேஜ் கிடையாது, படம் அனுப்ப முடியாது. போன் வீட்டில், லேப்டாப் ஆபீசில் என்ற என் கூத்தும் அதில் நடக்காது.

ஆண்ட்ராய்டில் அடிக்கடி வருகிற கோளாறு ஒன்றைச் சொல்ல வேண்டும். போனில் மெசேஜ் வந்துவிட்டது, லேப்டாப்பில் வரவில்லை, போனை எடுத்துத் திரையை எழுப்பினால் உடனே நாலைந்து சேர்ந்து கொட்டுகின்றன. டவரில் குறை இல்லை, பேரேட்டிலும் வரி இருக்கிறது. பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று போன் அந்தத் தூது ஆப்பைத் தூங்க வைத்திருக்கிறது, அவ்வளவுதான். செட்டிங்ஸில் அந்த ஆப்புக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டால் பெரும்பாலும் சரியாகும்.

எந்தப் பாதை உடைந்திருக்கிறது என்று பிரித்துப் பார்க்க ஒரு சோதனை இருக்கிறது. போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, வைஃபையை மட்டும் திரும்ப ஆன் செய்யுங்கள். வைஃபை காலிங்கோ ஆர்சிஎஸ்ஸோ இருந்தால் அவற்றையும் அணையுங்கள், இல்லாவிட்டால் மெசேஜ் வைஃபை வழியாகவே நழுவிப் போய்ச் சோதனையைக் கெடுத்துவிடும். இப்போது லேப்டாப்பில் போன் இணைந்திருப்பதாகவே தெரியும், பழைய மெசேஜ்களைப் படிக்கலாம், மேலும் கீழும் உருட்டலாம். புதிதாக ஒன்றை அனுப்பினால் தோற்றுவிடும், மேலே சொன்ன கட்டளையில் பேரேட்டைப் பார்த்தால் முதல் வரியில் `type=5` நிற்கும். லேப்டாப்பிலிருந்து போன்வரை பாதை சரி, போனிலிருந்து டவருக்குத்தான் இல்லை என்று அர்த்தம். தோற்றதுகூட லேப்டாப்பில் இல்லை, போனில்தான் பதிவாகியிருக்கிறது பாருங்கள்.