64 ஜிபி கார்டில் எவ்வளவு ஏறும்?

வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கத்து செல்போன் கடைகளில் ஒரு காலத்தில் "மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரப்படும்" என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருப்பார்கள். நெட் பேக் மலிவானதும் அந்தத் தொழில் படுத்துவிட்டது. கேள்வி மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது.

"அண்ணா, இதுல எவ்ளோ ஏறும்?"

"அது ஏறும்பா, நெறைய ஏறும்."

கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. கார்டின் உறையில் இத்தனை ஆயிரம் படங்கள், இத்தனை மணி நேர வீடியோ என்று அச்சடித்திருந்தாலும், அந்த எண் எந்தத் தரத்தை வைத்துப் போட்டது என்பது கீழே பொடி எழுத்தில் இருக்கும். அதை யாரும் படிப்பதில்லை. நாமே போட்டுப் பார்க்கக்கூடிய கணக்குதான் இது. வகுத்தல் தெரிந்தால் போதும்.

பாட்டிலிருந்து தொடங்கலாம், அதுதான் சுலபம். எம்பி3 கோப்பின் அளவைத் தீர்மானிப்பது பிட்ரேட். அதாவது ஒரு விநாடி ஒலிக்கு எத்தனை பிட் செலவாகிறது என்ற கணக்கு. மெட்ரோ வாட்டர் லாரியிலிருந்து டிரம்முக்குத் தண்ணீர் பிடிப்பது மாதிரிதான்: குழாயில் விநாடிக்கு எவ்வளவு வருகிறது என்று தெரிந்தால், டிரம் எப்போது நிரம்பும் என்று சொல்லிவிடலாம். அது மெலடியா, கானாவா, பின்னால் எத்தனை வாத்தியம் என்பதெல்லாம் நிலையான பிட்ரேட்டில் செய்த எம்பி3க்கு ஒரு பொருட்டே இல்லை.

320 கிலோபிட் தரத்தை எடுத்துக்கொள்வோம். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். எட்டால் வகுத்தால் விநாடிக்கு 40 கிலோபைட். நாலரை நிமிடப் பாட்டுக்கு 270 விநாடி, ஆக 10.8 எம்பி. 64 ஜிபியை இதால் வகுத்தால் ஏறக்குறைய 5,900 பாட்டு வரும். மொத்தமாக 444 மணி நேரம். ஆடி மாதம் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும்போது இரவு பகலாக ஸ்பீக்கர் கட்டினாலும் பதினெட்டு நாளுக்கு ஒரு பாட்டு திரும்ப வராது. அதே பாட்டுகள் 128 கிலோபிட்டில் இருந்தால் எண்ணிக்கை இரண்டரை மடங்காகி 14,800ஐத் தொடும். சுருக்காத சிடி தரத்தில் வைத்தால் 1,300 சொச்சத்தோடு நின்றுவிடும்.

இங்கே ஒரு ஏமாற்று வேலை உண்டு. 128இல் இருந்த பாட்டை மென்பொருளில் கொடுத்து 320 ஆக மாற்றி, "ஹை குவாலிட்டி" என்று பெயர் வைத்துச் சுற்றில் விடுவார்கள். சுருக்கும்போது தூக்கி எறிந்த ஒலி திரும்ப வராது, கோப்பு மட்டும் ஊதிப்போகும். இதைக் கண்டுபிடிக்கலாம். ஒலியின் அதிர்வெண்களைப் படமாகக் காட்டும் ஸ்பெக் போன்ற இலவச மென்பொருளில் திறந்து பாருங்கள். 128இல் சுருக்கிய பாட்டு பெரும்பாலும் 16 கிலோஹெர்ட்ஸ் பக்கம் கத்தரித்தது போல் நேர்கோட்டில் நின்றுவிடும். 320 என்று பெயர் வைத்த கோப்பில் அந்த வெட்டு தெரிந்தால், இடத்தை வீணாக்கிக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

படம் இப்படி நேர்கோட்டில் போகாது. 12 மெகாபிக்சல் போன் கேமரா ஒரு படத்துக்கு 4000க்கு 3000 புள்ளிகள் எடுக்கிறது, அதாவது 1.2 கோடிப் புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பைட் வைத்தால் 36 எம்பி ஆகும். ஆனால் உங்கள் கேலரியில் அதே படம் மூன்று, நாலு எம்பிதான் இருக்கும். மீதியை ஜேபெக் சுருக்கிவிடுகிறது. எவ்வளவு சுருங்கும் என்பது படத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

விடியற்காலையில் காசிமேடு துறைமுகத்தில் நின்று இரண்டு படம் எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் முக்கால்வாசி வானம், கீழே ஒரு கீற்றுக் கடல். இன்னொன்று தரையில் குவித்துப் போட்ட வலை, இடையிடையே மிதவைகள், கயிறு. ஜேபெக் படத்தை எட்டுக்கு எட்டு புள்ளிக் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் நிறம் எப்படி ஏறி இறங்குகிறது என்று எழுதி வைக்கிறது. வானத்தின் கட்டத்தில் எழுத ஒன்றுமில்லை, ஓரிரு எண்ணில் முடிந்துவிடும். வலையின் கட்டத்தில் ஒவ்வொன்றிலும் நாலு நூல், நாலு நிழல், அத்தனையையும் எழுதியாக வேண்டும். அதனால் ஒரே கேமராவில், ஒரே நிமிடத்தில் எடுத்த இரண்டு படங்களில் ஒன்று மற்றதைவிட இரண்டு, மூன்று மடங்கு பெரிதாக இருப்பது சாதாரணம். இரவில் பெரிய கேமராவில் எடுத்தால் இருட்டில் மணல் தூவினது போல் புள்ளி அடிக்குமே, அதையும் ஜேபெக் விவரம் என்றே நினைத்து எழுதி வைக்கும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாத கறுப்புப் படம் ஏன் இவ்வளவு பெரிய கோப்பு என்பதற்குக் காரணம் அதுதான்.

அதனால் படத்துக்கு எந்த அட்டவணையையும் நம்பாதீர்கள். நீங்கள் வழக்கமாக எடுக்கும் படங்களில் நூறைத் தேர்ந்தெடுத்து மொத்த அளவைப் பார்த்து நூறால் வகுத்துவிடுங்கள். நூறு படம் 480 எம்பி என்றால் ஒன்றுக்கு 4.8 எம்பி. 64 ஜிபிக்கு 13,300 வரும். கொஞ்சம் இடம் விட்டு 12,000 என்று வைத்துக்கொள்ளலாம். நூறும் ஒரே இடத்தில் எடுத்ததாக இருக்கக் கூடாது, வீட்டுக்குள், வெளியே, இரவு, பகல் எல்லாம் கலந்திருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த படங்களையும் இதில் சேர்க்காதீர்கள். அவை ஏற்கெனவே ஒருமுறை நசுக்கப்பட்டவை, சராசரியைக் கீழே இழுத்துவிடும்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். 64 ஜிபி கார்டை விண்டோஸ் கணினியில் செருகினால் 59.6 என்றுதான் காட்டும். யாரும் திருடவில்லை. கார்டு தயாரிப்பவருக்கு ஒரு ஜிபி என்பது நூறு கோடி பைட். விண்டோஸுக்கு அது 1024ஐ மூன்று முறை பெருக்கியது, அதாவது 107 கோடிக்கும் மேல். ஒரே இடத்தை இரண்டு முழக்கோலால் அளக்கிறார்கள், அவ்வளவுதான். கணக்குப் போடும்போது இரண்டையும் கலக்காமல் இருந்தால் சரி. கலந்தால் ஏழு சதவீதம் வரை பிசகும்.

வீடியோவுக்கு வருவோம். 4கே என்றால் இடம் அதிகம், ஃபுல் எச்டி என்றால் குறைவு என்று எல்லோரும் சொல்வார்கள். பாதி உண்மைதான். 4கே என்பது படத்தின் நீள அகலத்தை மட்டும் சொல்கிறது. எத்தனை ஜிபி ஆகும் என்பதைச் சொல்வது, பாட்டைப் போலவே, பிட்ரேட்தான். ஐபோனில் விநாடிக்கு 30 பிரேம் 4கே எடுத்தால், எச்.265 என்ற சுருக்கும் முறையில் நிமிடத்துக்குச் சுமார் 170 எம்பி ஆகிறது. கல்யாண வீடியோ எடுக்கும் மிரர்லெஸ் கேமராக்கள் பலவற்றில் 4கேக்கு விநாடிக்கு 100 மெகாபிட் என்று ஓர் அமைப்பு இருக்கும். எட்டால் வகுத்தால் 12.5 எம்பி, நிமிடத்துக்கு 750 எம்பி. ஐபோனில் கார்டு போட முடியாது, ஆனாலும் அதே 64 ஜிபி இடம் போனில் ஆறு மணி நேரத்துக்கு மேல் தாங்கும், கேமராவில் 85 நிமிடத்தில் நிரம்பிவிடும். இரண்டும் 4கேதான்.

இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? வீடியோவில் ஒவ்வொரு பிரேமையும் முழுப் படமாக வைப்பதில்லை. முந்தைய பிரேமிலிருந்து எது நகர்ந்தது, எது மாறியது என்பதைத்தான் எழுதுகிறார்கள். எச்.265 அதைக் கெட்டிக்காரத்தனமாகச் செய்யும், போனும் நிறைய விவரத்தை விட்டுக்கொடுத்துச் சிக்கனம் பிடிக்கும். கேமரா அப்படிச் செய்வதில்லை. பின்னால் எடிட்டிங்கில் நிறம் திருத்த வேண்டியிருக்கும் என்று தாராளமாக எழுதி வைக்கிறது. உங்கள் கருவி எவ்வளவு எழுதுகிறது என்று தெரிய வேண்டுமானால், வேண்டிய தரத்தில் ஒரு நிமிடம் எடுத்துக் கோப்பின் அளவைப் பாருங்கள். சுவரைப் பார்த்து எடுக்காதீர்கள், நகரும் கூட்டத்தைப் பார்த்து எடுங்கள். அசைவு கூடினால் போன்களில் பிட்ரேட்டும் கூடும்.

ராயபுரத்தில் ஒரு கல்யாணத்தை வைத்துக் கணக்குப் போடுவோம். மாலையில் ரிசப்ஷன், மறுநாள் காலை முகூர்த்தம். கேமரா விடாமல் ஓடாது. ரிசப்ஷனில் மூன்று மணி நேரம், முகூர்த்தத்தில் இரண்டரை மணி நேரம் பதிவாகிறது என்று வைப்போம். 100 மெகாபிட் என்றால் மணிக்கு 45 ஜிபி. ஐந்தரை மணி நேரத்துக்கு 247 ஜிபி சொச்சம். நாலு 64 ஜிபி கார்டு 256 ஜிபி ஆயிற்றே, போதுமே என்று தோன்றும். போதாது. கார்டு எப்போதும் சடங்குக்கு நடுவில்தான் நிரம்பும். விவரம் தெரிந்தவர்கள் நாதஸ்வரம் வேகம் பிடிப்பதற்கு முன்பே, கார்டில் பத்து நிமிடம் மிச்சமிருந்தாலும் கழற்றி மாற்றிவிடுவார்கள். அப்படி ஒவ்வொரு கார்டிலும் ஏழெட்டு ஜிபி வீணாகும். ஐந்து கார்டு என்பதுதான் சரியான எண். மேடைக்கு எதிரே ஸ்டாண்டில் நிற்கும் இரண்டாவது கேமரா ஃபுல் எச்டியில் 50 மெகாபிட் என்றால் அதற்கு இன்னும் 124 ஜிபி. ஆக ஒரு கல்யாணம் 370 ஜிபியைத் தாண்டுகிறது. 1 டிபி ஹார்ட் டிஸ்கில் இரண்டு கல்யாணம் தாராளமாக நிற்கும், மூன்றாவது நிற்காது. எல்லாவற்றுக்கும் இன்னொரு பிரதி வைப்பதாக இருந்தால் டிஸ்க்கும் இரண்டு.

எடிட்டிங் முடிந்து வீட்டாருக்குக் கொடுக்கும்போது இவ்வளவு தேவையில்லை. டிவியில் பார்க்க ஃபுல் எச்டி, 12 மெகாபிட் போதும். மணிக்கு 5.4 ஜிபி, மூன்று மணி நேரப் படம் 16.2 ஜிபி. 32 ஜிபி பென் டிரைவில் பாதிதான் நிரம்ப வேண்டும். ஆனால் அப்படியே காப்பி செய்யப் போனால் "கோப்பு மிகப் பெரியது" என்று கணினி மறுக்கலாம். அந்த அளவு பென் டிரைவ்கள் பெரும்பாலும் FAT32 முறையில் ஃபார்மேட் ஆகித்தான் வருகின்றன. அதில் தனிக் கோப்பு ஒன்று 4 ஜிபியைத் தாண்ட முடியாது. காலி இடம் எவ்வளவு இருந்தும் பயனில்லை. exFAT என்று மாற்றி ஃபார்மேட் செய்தால் ஏறிவிடும், ஆனால் பாட்டி வீட்டுப் பழைய டிவி அதைப் படிக்காமல் போகலாம். அதனால்தான் வீடியோக்காரர் ரிசப்ஷன் 1, ரிசப்ஷன் 2, முகூர்த்தம் 1 என்று நாற்பது நாற்பது நிமிடமாக வெட்டிக் கொடுக்கிறார். நாற்பது நிமிடம் 3.6 ஜிபி.