தயிர் நம் ஹோட்டலில், பன்னீர் கடையில்? பாலை அளந்து ஒரு கணக்கு

பன்னீரும் தயிரும் பாலில் இருந்துதான் வருகின்றன. ஆனால் ஹோட்டல் கணக்கில் இரண்டும் ஒன்றல்ல. தயிரில் பத்து லிட்டர் பால் கிட்டத்தட்ட பத்து கிலோ தயிராகவே நிற்கும். பன்னீரில் அதே பத்து லிட்டரில் எட்டு கிலோவுக்கு மேல் தண்ணீராக வடிந்து போய்விடும்.

பன்னீருக்குப் பாலில் முதலில் பார்க்க வேண்டியது கொழுப்பு. 6 சதவீதக் கொழுப்பு, 9 சதவீதம் இதர திடப்பொருள் உள்ள ஃபுல் கிரீம் பாலில் லிட்டருக்கு 180 முதல் 200 கிராம் வரை எதிர்பார்க்கலாம். 3 சதவீதக் கொழுப்புள்ள டோன்டு பாலில் 150 கிராமைத் தொடுவதே கஷ்டம், துண்டும் ரப்பர் மாதிரி இருக்கும். கறந்த பால் வாங்குபவர்கள் லாக்டோமீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். கொழுப்பை எடுத்தால் அளவு ஏறும், தண்ணீர் ஊற்றினால் இறங்கும். இரண்டையும் செய்த பால் சரியான எண்ணையே காட்டும். ஒரு லிட்டரைத் திரித்து, அழுத்தி, எடை போட்டுப் பார்ப்பதுதான் நம்பகமான சோதனை. பால்காரர் மாறும்போதெல்லாம் இதைச் செய்யுங்கள்.

செய்முறையில் பாலை 90 டிகிரிக்குச் சூடாக்கி, அடுப்பை அணைத்து, 70 டிகிரிக்கு இறங்கவிட வேண்டும். பத்து லிட்டருக்கு 20 முதல் 25 கிராம் சிட்ரிக் ஆசிடை இரண்டு லிட்டர் வெந்நீரில் கரைத்து, மெதுவாகக் கிளறியபடி ஊற்ற வேண்டும். தண்ணீர் பச்சை கலந்த மஞ்சளாகத் தெளிந்ததும் நிறுத்திவிடுங்கள். வெள்ளையாகக் கலங்கியிருந்தால் புரதமும் கொழுப்பும் அதனுடன் போகிறது, அதாவது எடை போகிறது. தெளிந்த பிறகும் ஊற்றினால் புளிப்பேறி உதிரும். கொதிக்கக் கொதிக்கத் திரித்தால் பன்னீர் கடினமாகிவிடும். ஐந்து நிமிடம் ஆறவிட்டு, சூடு இருக்கும்போதே துணியில் வடித்து அழுத்த வேண்டும். ஆறிப்போனால் துண்டுகள் ஒட்டாமல், கிரேவியில் உடையும். இருபது நிமிடம் அழுத்தியபின் குளிர்ந்த குடிநீரில் இரண்டு மணி நேரம் போட்டு எடுக்கலாம்.

இப்போது விலை. ஃபுல் கிரீம் பால் லிட்டர் 60 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். பத்து லிட்டர் 600, கேஸ், ஆசிட், ஒரு மணி நேர ஆள் கூலி சேர்த்து நூறு. ஓரம் சீவியது போக 1.8 கிலோ கையில் நின்றால் கிலோ 390 ரூபாய் அடக்கம். நல்ல பன்னீர் 360-க்குக் கிடைத்தால் பணத்தில் மிச்சமில்லை. ஆனால் யாராவது 220-க்குத் தந்தால் யோசியுங்கள். பண்ணையில் லிட்டர் 45-க்கு வாங்கினாலும் ஒரு கிலோவுக்கு ஐந்து லிட்டர், பாலே 225 ஆகிறது. அந்த விலையில் வருவது பெரும்பாலும் தாவரக் கொழுப்பு சேர்த்த அனலாக் பன்னீர். அதைப் பன்னீர் என்று மெனுவில் போடுவது வாடிக்கையாளரை ஏமாற்றுவது. ஓரளவு சுலபமான சோதனை, அயோடின் சொட்டு விட்டுப் பார்ப்பது. நீலமானால் மாவு கலந்திருக்கிறது. நீலமாகாததால் மட்டும் அசல் என்று சொல்லிவிட முடியாது.

வாங்கும் பன்னீரை எடையில் ஒப்பிடும்போது இன்னொன்று. தண்ணீர் அதிகமுள்ள கட்டி தராசில் கனக்கும், தவாவில் சுருங்கும். உங்களுடையதிலும் வாங்கியதிலும் 100 கிராம் எடுத்து ஒரே தீயில் வறுத்து, மறுபடி எடை போடுங்கள். தட்டில் போகிற கிராமுக்குத்தான் விலை கட்ட வேண்டும். விதிப்படி பன்னீரில் ஈரம் 60 சதவீதத்தைத் தாண்டக்கூடாது.

தயிரில் கணக்கு நேராக நம் பக்கம் சாய்கிறது. 4.5 சதவீதப் பால் லிட்டர் 50 என்றால் எல்லாம் சேர்த்து கிலோ 55-க்கு முடியும். வாங்கினால் 70 என்று வைத்தால், நாளைக்கு 30 கிலோ போகும் ஹோட்டலில் 450 ரூபாய் நிற்கும். பாலை 85 டிகிரிக்கு மேல் பத்து நிமிடம் வைத்தால்தான் தயிர் கட்டியாக நிற்கும், இல்லாவிட்டால் தண்ணீர் விடும். 43 டிகிரிக்கு ஆறியதும் லிட்டருக்கு 15 முதல் 20 கிராம் உறை போதும். ஐந்து மணி நேரத்துக்குள் உறைந்ததும் ஃபிரிட்ஜுக்குப் போக வேண்டும்.

பலரும் தவறுவது பாத்திரத்தில். இருபது லிட்டர் அண்டாவில் உறை ஊற்றினால், ஃபிரிட்ஜில் வைத்தும் நடுப்பகுதி பல மணி நேரம் சூடாகவே இருந்து புளித்துக்கொண்டே போகும். மேலே இனிப்பு, நடுவில் புளிப்பு. இரண்டு மூன்று லிட்டர் அகலப் பாத்திரங்களில் ஊற்றினால் இந்தத் தொல்லை இல்லை. உறையும்போது அசைக்கக் கூடாது. நேற்றைய தயிரையே வாரக்கணக்கில் உறையாக எடுத்தால் கொழகொழப்பு வரும். வாரம் ஒருமுறை புது உறை வாங்குங்கள். எல்லாம் சரியாகச் செய்தும் உறையவில்லை என்றால் பாலில் ஆன்டிபயாடிக் எச்சமோ, புளிப்பை மறைக்கச் சோடாவோ கலந்திருக்கலாம். அன்றைய பாலை பன்னீருக்குத் திருப்பிவிடாமல், பால்காரரிடமே திருப்பிக் கொடுங்கள்.

பன்னீர் வடித்த நீரைச் சாக்கடையில் விடாதீர்கள், நாற்றமும் அடைப்பும் வரும். சூடு ஆறியதும் ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாள் சப்பாத்தி மாவு பிசையத் தண்ணீருக்குப் பதில் ஊற்றினால் மாவு மென்மையாக வரும்.