1011 தப்பிப் போச்சுன்னா கையில மிச்சம் என்ன இருக்கு? ஓவர்லாப்பிங் சீக்வென்ஸ் டிடெக்டர் எப்படி வேலை செய்யுது

ஒரு வயர்ல ஒவ்வொரு கிளாக்குக்கும் ஒரு பிட் வந்துட்டே இருக்கு, 0 இல்லன்னா 1, நிக்காம. அதுல 1011-ங்கிற வரிசை வரும்போதெல்லாம் ஒரு அவுட்புட் 1 ஆகணும், இவ்வளவுதான் கேள்வி. டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸ் படிச்ச எல்லாரும் எக்ஸாம்ல இத ஒரு தடவையாவது போட்டிருப்பாங்க, ஆனா டயக்ராம மனப்பாடம் பண்ணி வரைஞ்சவங்கதான் நிறைய, அதனால பேட்டர்ன மாத்திக் குடுத்தா அங்கயே நின்னுடுவாங்க. நானும் அப்படி நின்னவன்தான். அப்புறம் ஒரே ஒரு விஷயம் புரிஞ்சதும் எந்த பேட்டர்ன் குடுத்தாலும் போட முடிஞ்சுது, அதத்தான் இங்க எழுதுறேன்.

முதல்ல ஓவர்லாப்னா என்னன்னு பாத்துடலாம். 1011011 வருதுன்னு வைங்க. முதல் நாலு பிட் 1011, ஒண்ணு கிடைச்சிடுச்சு. இப்ப கடைசி நாலு பிட்ட பாருங்க, அதுவும் 1011. நாலாவது பிட்டா வந்த அந்த 1 முதல் பேட்டர்னுக்கு முடிவாவும் ரெண்டாவதுக்கு தொடக்கமாவும் இருக்கு. அந்தாதில ஒரு பாட்டு முடியுற சொல்லே அடுத்த பாட்ட தொடங்கி வைக்கும்ல, அதே மாதிரிதான். ஓவர்லாப்பிங் டிடெக்டர் இதுல ரெண்டு தடவ அவுட்புட் குடுக்கணும். நான்-ஓவர்லாப்பிங்னா ஒண்ணு கிடைச்சதும் எல்லாத்தையும் மறந்துட்டு புதுசா தேட ஆரம்பிக்கும், அதனால ஒண்ணுதான் கிடைக்கும்.

மெஷின் பழைய பிட் எல்லாத்தையும் ஞாபகம் வெச்சுக்க வேண்டியதில்ல. "இதுவரைக்கும் வந்ததோட வால்ல, என் பேட்டர்னோட தலைப்பகுதி எவ்வளவு நீளத்துக்கு இருக்கு?" இந்த ஒரு கேள்விக்கு பதில் தெரிஞ்சா போதும், அந்த பதிலுக்குப் பேர்தான் ஸ்டேட். 1011-க்கு நாலு பதில் இருக்கலாம். கையில ஒண்ணும் இல்லன்னா A, 1 மட்டும் இருந்தா B, 10 இருந்தா C, 101 இருந்தா D. முழு 1011-க்கு தனியா ஸ்டேட் வேணுமான்னா, ஸ்டேட்டோட இப்ப வர பிட்டையும் சேத்துப் பாத்து அவுட்புட் குடுக்கிற மீலி மெஷினுக்கு வேணாம், ஏன்னா D-ல இருக்கும்போது 1 வந்தாலே அவுட்புட் குடுத்துடலாம்.

சரியான பிட் வந்தா ஒரு படி முன்னாடி போறது யாருக்கும் புரியும், A-ல 1 வந்தா B, B-ல 0 வந்தா C, C-ல 1 வந்தா D. எல்லா தப்பும் நடக்கறது எதிர்பார்க்காத பிட் வரும்போதுதான், அங்க பழக்கதோஷத்துல எல்லாரும் அம்ப A-க்கு இழுத்து விட்டுடுவாங்க. அப்படி இழுக்கறதுக்கு முன்னாடி கேக்க வேண்டியது, தப்பிப் போச்சு சரி, கையில இன்னும் மிச்சம் என்ன இருக்கு?

B-ல இருக்கோம், அதாவது கடைசியா ஒரு 1 வந்திருக்கு. 0 வேணும் ஆனா இன்னொரு 1 வந்துடுச்சு. இப்ப வந்தது 11. இதோட வால் 1, பேட்டர்னோட தலையும் 1, அதனால புதுசா வந்த 1-அ வெச்சுட்டு B-லயே இருக்கணும். இங்க A-க்கு போனா என்ன ஆகும்னு 11011 குடுத்துப் பாருங்க, முதல் 1-க்கு B, ரெண்டாவது 1-க்கு A, அடுத்த 0-க்கு A-லயே, அப்புறம் B, மறுபடி A, அவ்வளவுதான், கண்ணு முன்னாடி இருக்கிற 1011 போயிடுச்சு.

C-ல இருக்கும்போது 0 வந்தா 100. வால எப்படி வெட்டிப் பாத்தாலும் 00, 0 இதுதான் மிஞ்சும், பேட்டர்ன் 1-ல தொடங்குது, அதனால ஒண்ணும் தேறாது. இங்க மட்டும் A-க்கு போறது நியாயம்.

D-தான் ரொம்ப சூட்சுமமான இடம். 101 இருக்கு, 1 வேணும், 0 வந்துடுச்சு. மொத்தம் 1010. பேட்டர்ன் கெட்டுப் போச்சுதான், ஆனா இதோட கடைசி ரெண்டு பிட் 10, அது அப்படியே பேட்டர்னோட முதல் ரெண்டு பிட். அதனால C-க்கு போகணும். 101011 குடுத்து கையால நடத்திப் பாருங்க: B, C, D, அப்புறம் 0-க்கு C, 1-க்கு D, கடைசி 1-க்கு அவுட்புட். A-க்கு போற மெஷின்ல இது கிடைக்கவே கிடைக்காது. D-ல 1 வந்தா 1011 முடிஞ்சிடுச்சு, அவுட்புட் 1, ஆனா அந்த கடைசி 1 கையிலயே இருக்குல்ல, அதனால B-க்கு போகணும். இதே அம்ப A-க்கு திருப்பினா அது நான்-ஓவர்லாப்பிங் மெஷின், ரெண்டுக்கும் வித்தியாசம் இந்த ஒரு அம்புதான்.

ஆக விதி ஒண்ணுதான்: இப்ப வந்த பிட்டையும் சேத்து, முழு பேட்டர்ன விட சின்னதா, வாலாவும் தலையாவும் பொருந்துற நீளமான துண்டு எதுவோ அந்த ஸ்டேட்டுக்கு போ. "நீளமான"ங்கிறது முக்கியம், சின்ன துண்டுல திருப்தி ஆயிட்டா நடுவுல வர பேட்டர்ன் தப்பிடும். எழுத்து வரிசைக்குள்ள ஒரு சொல்ல தேடுறதுக்கு நூத், மோரிஸ், பிராட் மூணு பேரும் 1977-ல வெளியிட்ட அல்காரிதம் நிக்கறதும் இதே யோசனை மேலதான், அவங்க டேபிளா வெச்சத நாம ஃப்ளிப்-ஃப்ளாப்பா வெக்கிறோம்.

வெரிலாக்ல எழுதினா இவ்வளவுதான், x-ங்கிறது உள்ள வர பிட், z அவுட்புட், bit_en எதுக்குன்னு பின்னாடி சொல்றேன்:

```
always @(*) begin
  case (state)
    A: next = x ? B : A;
    B: next = x ? B : C;
    C: next = x ? D : A;
    D: next = x ? B : C;
    default: next = A;
  endcase
end

always @(posedge clk)
  if (rst)         state <= A;
  else if (bit_en) state <= next;

assign z = bit_en && (state == D) && x;
```

கேட் லெவல்ல பாக்க ஆசைப்படுறவங்க A-க்கு 00, B-க்கு 01, C-க்கு 10, D-க்கு 11-ன்னு கோட் குடுத்து, ரெண்டு டி ஃப்ளிப்-ஃப்ளாப் வெச்சு கே-மேப் போட்டுப் பாருங்க. எனக்கு இதுல வர ரிசல்ட் ரொம்ப பிடிக்கும்:

```
D0 = x
D1 = Q0·x' + Q1·Q0'·x
z  = Q1·Q0·x
```

D0 வெறும் x! அதாவது Q0-ங்கிறது கடைசியா வந்த பிட் தவிர வேற ஒண்ணும் இல்ல. யோசிச்சா புரியும், B-யும் D-யும் 1-ல முடியுற துண்டு, A-க்கும் C-க்கும் கடைசியா வந்தது 0. மீதி எல்லா ஞாபகமும் Q1-ங்கிற ஒரே பிட்டுக்குள்ள அடங்கிடுது.

ஸ்டேட்ட மட்டும் பாத்து அவுட்புட் குடுக்கிற மூர் மெஷினா போட்டா 1011 முடிஞ்ச நிலைக்குன்னு E-ன்னு அஞ்சாவது ஸ்டேட் வேணும், அவுட்புட் அங்க மட்டும் 1. E-லருந்து 1 வந்தா B, 0 வந்தா C, ஏன்னா கையில இருக்கறது 1, கூட 0 சேந்தா 10. மீலி அவுட்புட் கடைசி பிட் வயர்ல இருக்கும்போதே வந்துடும், மூர்ல அடுத்த கிளாக் எட்ஜுக்கு அப்புறம்தான் வரும். ஆனா மீலில x நேரா அவுட்புட்டுக்கு போறதால x ஆடினா z-உம் ஆடும், கிளிட்ச் வரும், அத வேற எதுக்காவது கிளாக்கா குடுத்துடாதீங்க.

கோட்ல இருக்கிற bit_en பத்தி சொல்லியே ஆகணும், அதுக்காக நான் ஒரு முழு சாயங்காலத்த விட்டிருக்கேன். சிமுலேஷன்ல எல்லாம் சரியா வந்துச்சு, போர்டுல போட்டா ஒரு தடவகூட டிடெக்ட் ஆகல. டயக்ராம திரும்பத் திரும்ப சரி பாத்தேன், தப்பே இல்ல. கடைசில ஸ்டேட்ட எல்இடில கொண்டு வந்து பாத்தப்பதான் தெரிஞ்சுது, எப்பவும் A, B ரெண்டுல ஒண்ணுலதான் நிக்குது, C, D எரியவே இல்ல. விஷயம் என்னன்னா போர்டு கிளாக் ரொம்ப வேகம், சீரியல் பிட் மெதுவா வருது, ஒரு பிட் வயர்ல இருக்கிற நேரத்துல ஆயிரக்கணக்குல கிளாக் எட்ஜ் போயிடுது. மெஷினுக்கு ஒரே ஒரு 0 ஆயிரம் 0-வா தெரியுது, ரெண்டாவது 0-லயே C-லருந்து A-க்கு விழுந்துடுது. ஒரு பிட்டுக்கு ஒரே ஒரு கிளாக் மட்டும் bit_en 1 ஆகுற மாதிரி வெச்சதும் சரியாயிடுச்சு. z-லயும் bit_en சேத்தே ஆகணும், இல்லன்னா ஸ்டேட் D-லயும் x 1-லயும் இருக்கிற அத்தனை நேரமும் z மேலயே நிக்கும், பின்னாடி இருக்கிற கவுண்டர் அத்தனை கிளாக்கையும் எண்ணிடும். வெளியிலருந்து வர x-அ முதல்ல ரெண்டு ஃப்ளிப்-ஃப்ளாப் வழியா உங்க கிளாக்குக்கு ஒத்து வர மாதிரி பண்ணிட்டு அப்புறம் குடுங்க.

இது நிஜத்துல எங்க இருக்குன்னு கேட்டா, எச்டிஎல்சி புரோட்டோகால்ல ஒவ்வொரு ஃப்ரேமும் 01111110-ங்கிற ஃப்ளாகுக்கு நடுவுலதான் போகும். டேட்டாக்குள்ள தப்பித்தவறி அதே வரிசை வந்துடக் கூடாதுன்னு அனுப்புறவங்க அஞ்சு 1 தொடர்ச்சியா போனதும் ஒரு 0-அ சொருகிடுவாங்க, அதனால ஆறு 1 பாத்தாலே விசேஷம்தான். இங்க ஒரு ஃப்ளாகோட கடைசி 0-வ அடுத்த ஃப்ளாகோட முதல் 0-வா வெச்சு ரெண்டு ஃப்ளாக 16 பிட்டுக்கு பதிலா 15 பிட்ல அனுப்புறதும் உண்டு, 011111101111110. நான்-ஓவர்லாப்பிங் டிடெக்டர் வெச்சிருந்தா ரெண்டாவது ஃப்ளாக் போச்சு. நம்ம விதிய இங்க போட்டா டயக்ராம் ரொம்ப சுலபமா வந்துடும்: எங்க இருந்தாலும் 0 வந்தா கையில மிஞ்சறது அந்த ஒரு 0, முதல் ஸ்டேட், ஆறு 1-க்கு அப்புறம் 0 வந்தா ஃப்ளாகும் கிடைச்சு அதே முதல் ஸ்டேட். ஏழாவதா 1 வந்தா ஒண்ணும் மிச்சமில்ல, ஆரம்பத்துக்கு.

மொத்தம் எட்டு ஸ்டேட், மூணு ஃப்ளிப்-ஃப்ளாப்ல முடியும். இதுக்கு பதிலா ஷிப்ட் ரெஜிஸ்டர் போட்டு கடைசி பிட்டுகள நேரா பேட்டர்னோட கம்பேர் பண்ணலாமேன்னு கேப்பீங்க, தாராளமா பண்ணலாம், ஓவர்லாப் அதுல தானா வந்துடும், ஃப்ளிப்-ஃப்ளாப்தான் கூட செலவாகும். நான் அத டெஸ்ட் பெஞ்சுல வெக்கிறேன், ரேண்டமா ஒரு லட்சம் பிட் ஓட விட்டு ரெண்டோட அவுட்புட்டும் எங்கயாவது மாறுதான்னு பாப்பேன், மாறின இடத்துக்கு முந்தின சில பிட்ட பாத்தா எந்த அம்பு தப்புன்னு உடனே தெரிஞ்சுடும். ஒரு இடத்துல மட்டும் கவனம் வேணும். ஷிப்ட் ரெஜிஸ்டர ரீசெட்ல எல்லாம் 0-வா வெச்சா 1011-க்கு பாதகமில்ல, பேட்டர்ன் 1-ல தொடங்குது. ஆனா ஃப்ளாக் 0-ல தொடங்குது, ரீசெட் ஆனதும் 1111110 வந்தா, வராத ஒரு 0-வ வந்ததா எடுத்துட்டு ஷிப்ட் ரெஜிஸ்டர் ஃப்ளாக்னு சொல்லிடும், ஸ்டேட் மெஷின் சொல்லாது. அந்த ஒரு மிஸ்மேட்ச்ல ஸ்டேட் மெஷின திருத்தப் போயிடாதீங்க, ஷிப்ட் ரெஜிஸ்டர ரீசெட்ல எல்லாம் 1-ஆ வெச்சா போதும், ரெண்டும் ஒத்துப் போயிடும்.