கிராபிக்ஸ் கார்டின் வோல்டேஜைக் குறைத்தால் என்ன நடக்கிறது?

கனமான கேம் ஓடும்போது கிராபிக்ஸ் கார்டு இரைந்தால் ஃபேனைக் குறை சொல்லிப் பயனில்லை. கார்டுக்குள் போகும் மின்சாரம் கிட்டத்தட்ட முழுவதும் வெப்பமாகிறது. அந்த வெப்பத்தை வெளியே தள்ளத்தான் ஃபேன் ஓடுகிறது. சத்தம் குறைய வேண்டுமென்றால் வெப்பம் பிறக்கும் இடத்தில், அதாவது சிப்பில், கை வைக்க வேண்டும்.

சிப்பிலுள்ள டிரான்சிஸ்டர்கள் ஒவ்வொரு முறை நிலை மாறும்போதும் கொஞ்சம் மின்னூட்டம் ஏறி இறங்குகிறது. இதில் செலவாகும் மின்திறனைத் தோராயமாக இப்படி எழுதலாம்:

```
P ∝ C × V² × f
```

C என்பது சிப்பின் மின்தேக்குத்திறன். அதை நம்மால் மாற்ற முடியாது. f கிளாக் வேகம், V வோல்டேஜ். கிளாக் வேகம் ஒரு முறைதான் பெருக்கப்படுகிறது, வோல்டேஜோ இரண்டு முறை. நாம் பயன்படுத்தப்போவது இந்த வித்தியாசத்தைத்தான்.

உதாரணத்துக்கு, 300 வாட் இழுக்கும் ஒரு கார்டு 1.05 வோல்ட்டில் 1900 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த 300-இல் சிப்பின் பங்கு 200 வாட். மீதி மெமரி, வோல்டேஜ் மாற்றும் சர்க்யூட், ஃபேன் போன்றவற்றுக்குப் போகிறது. இப்போது 0.875 வோல்ட், 1800 மெகாஹெர்ட்ஸ் என்று மாற்றுகிறோம். வோல்டேஜ் விகிதத்தின் வர்க்கம் 0.69, கிளாக் விகிதம் 0.95. இரண்டையும் பெருக்கினால் ஏறக்குறைய 0.66. சிப் 132 வாட்டுக்கு இறங்கிவிடும், மொத்தக் கார்டு 232 வாட்டுக்கு. கிளாக் குறைந்தது 5 சதவீதம்தான். மெமரி வேகத்தை நாம் தொடாததால், கேமில் ஃபிரேம் எண்ணிக்கை பல நேரம் அதைவிடக் குறைவாகவே இறங்கும்.

சரி, இவ்வளவு லாபம் இருந்தால் தயாரிப்பாளரே ஏன் இப்படி விற்பதில்லை? ஒரே மாடலில் வரும் சிப்கள் எல்லாம் ஒரே தரத்தில் அமைவதில்லை. அவற்றில் பலவீனமான சிப்பும், சூடான பெட்டிக்குள், சில வருடம் பழசான பிறகும் தடுமாறாமல் ஓட வேண்டும். அதற்காக எல்லாவற்றுக்கும் கொஞ்சம் கூடுதல் வோல்டேஜ் வைத்துவிடுகிறார்கள். போதாததற்கு, வேகப் போட்டியில் முந்துவதற்காகச் சிப்பை அதன் எல்லைக்கு அருகிலேயே ஓட்டுகிறார்கள். அந்த உச்சியில் ஒவ்வொரு சிறு வேக உயர்வுக்கும் வோல்டேஜ் செங்குத்தாக ஏறும். பெரும்பாலான வெப்பம் வீணாவது அங்கேதான் என்பது என் கருத்து.

என்விடியா கார்டில் இதைச் செய்ய MSI Afterburner போதும். Ctrl+F அழுத்தினால் வோல்டேஜ்-கிளாக் வளைகோடு திறக்கும். முதலில் Core Clock-ஐ -200 போல வைத்து வளைகோடு முழுவதையும் கீழே இறக்குங்கள். அப்புறம் 875 மில்லிவோல்ட் புள்ளியை மட்டும் பிடித்து மேலே 1800 வரை இழுத்து Apply கொடுங்கள். அதற்கு வலப்பக்கம் கோடு தட்டையாகிவிடும். இனி கார்டு 875-ஐத் தாண்டாது. புள்ளியைக் கேம் ஓடும் சூட்டில் வைத்தால், கார்டு குளிர்ந்ததும் கிளாக் சில படிகள் தானாக ஏறிக்கொள்ளும். சூட்டில் நிலையாக ஓடியது குளிரில் விழுவதற்கு இது ஒரு காரணம்.

வோல்டேஜ் போதவில்லை என்றால் கார்டு எரியாது, கணக்கைத் தவறாகப் போடும். கேம் திடீரென்று மூடிக்கொள்ளும், அல்லது திரை ஒரு கணம் கருத்து டிரைவர் மீண்டும் எழும். விண்டோஸின் Event Viewer-இல் nvlddmkm என்ற பெயரோடு பதிவு இருந்தால் சந்தேகம் பெரும்பாலும் இங்கேதான் விழ வேண்டும். அப்போது வோல்டேஜை இரண்டு படி ஏற்றுங்கள், அல்லது கிளாக்கை 15, 30 மெகாஹெர்ட்ஸ் இறக்குங்கள். ஒரே ஒரு சோதனை நிரலில் பிழைத்ததை நம்ப வேண்டாம். ரே டிரேசிங் உள்ள கேம்கள் வேறு எதிலும் தெரியாத குறையைக் காட்டிக்கொடுக்கும்.

சத்தம் எவ்வளவு குறையும்? அறையின் சூடு 30 டிகிரி, சிப் 75 டிகிரி என்றால், 300 வாட் 45 டிகிரி ஏற்றியிருக்கிறது. அதே ஃபேன் வேகத்தில் 232 வாட் சுமார் 35 டிகிரி ஏற்றும், சிப் 65-இல் நிற்கும். தானியங்கி ஃபேன் இந்தக் குளிர்ச்சியைக் கண்டு வேகத்தைக் குறைத்து, இரண்டுக்கும் நடுவில் ஓரிடத்தில் நிலைகொள்ளும். ஃபேன் சுழற்சி 20 சதவீதம் குறைந்தாலே சத்தம் ஏறக்குறைய 5 டெசிபல் இறங்கும். அது காதுக்குத் தெளிவாகவே தெரியும் வித்தியாசம். கணினி தொடங்கும்போதே இந்த அமைப்பு தானாக ஏறும்படி வைப்பதைப் பல நாள் வெவ்வேறு கேம்கள் ஓடிய பிறகு செய்யுங்கள். இல்லையென்றால் நிலையற்ற அமைப்போடேயே ஒவ்வொரு முறையும் கணினி எழும்.